விபிஎன்னுக்கும் ஒரு போர்ட் திறக்கணுமே, அப்புறம் என்ன வித்தியாசம்?

கேள்வி: வீட்டில் ஒரு நாஸ், ஒரு கேமரா இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் நாஸுக்கு 5000, கேமராவுக்கு 554 என்று போர்ட் திறந்து வைத்திருக்கிறேன். அதை மூடிவிட்டு விபிஎன் போடச் சொல்கிறார்கள். ஆனால் விபிஎன்னுக்கும் ரூட்டரில் ஒரு போர்ட் திறக்கணுமாமே? அப்புறம் என்ன வித்தியாசம்? அதை நாஸிலேயே போட்டுவிடலாமா?

பதில்:

ஒன்று திறக்கத்தான் வேண்டும். (சிலருக்கு அதுவும் தேவைப்படாது, அதைப் பிறகு சொல்கிறேன்.) வித்தியாசம் போர்ட்டின் எண்ணிக்கையில் இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து யார், என்ன பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

5000 திறந்திருந்தால், யார் தட்டினாலும் உங்கள் நாஸ் எழுந்து வந்து லாகின் பக்கத்தைக் காட்டும். பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே அங்கே ஒரு முழு வெப் சர்வர் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு ஓட்டை இருந்தால் உங்கள் பாஸ்வேர்டு முப்பது எழுத்தாக இருந்தும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் வருகிறவன் பாஸ்வேர்டு பெட்டியைத் தொடவே மாட்டான். 2022 ஜனவரியில் தலைகாட்டிய டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் இப்படித்தான் இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் நாஸ்களில் புகுந்து கோப்புகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. கேமராக்களின் கதை இன்னும் மோசம். 2016இல் மிராய் என்ற மால்வேருக்கு ஓட்டைகூடத் தேவைப்படவில்லை. கம்பெனியிலிருந்து வந்த யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளில் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான சாதனங்களைப் பிடித்துவிட்டது.

"5000க்குப் பதிலாக 48213 என்று மாற்றிவிட்டேன், யாருக்குத் தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். 2013இலேயே இசட்மேப் என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்பு இருந்தால் ஒரு போர்ட்டை ஐபிவி4 உலகம் முழுக்க முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று காட்டிவிட்டது. எண்ணை மாற்றினால் லாகில் வரும் குப்பை குறையும். பாதுகாப்பு வராது.

இப்போது வயர்கார்டு. நான் வீட்டு உபயோகத்துக்கு வேறு விபிஎன்னை யாருக்கும் சொல்வதில்லை. இது யூடிபியில் பேசும், வழக்கமான போர்ட் 51820. போன் அனுப்பும் முதல் பாக்கெட் 148 பைட். அதற்குள் வீட்டு சர்வரின் பொதுக் கீயை வைத்துக் கணக்கிட்ட ஒரு சிறு முத்திரை இருக்கும். முத்திரை பொருந்தாவிட்டால் சர்வர் அந்த பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். "தவறு" என்றோ "மறுக்கப்பட்டது" என்றோ ஒரு வார்த்தைகூடத் திரும்பிப் போகாது. ஸ்கேன் செய்கிறவனுக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே நிச்சயமாகத் தெரியாது. லாகின் பக்கமே இல்லை என்பதால் பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் பேச்சுக்கும் இடமில்லை.

இந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. நீங்களே ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டாலும் அதே மௌனம்தான் கிடைக்கும். எங்கே தப்பு என்று எந்த எர்ரரும் சொல்லாது. அதனால்தான் பலர் முதல் நாளிலேயே சலித்துப்போய்த் திரும்பவும் போர்ட்டைத் திறந்து விடுகிறார்கள்.

எங்கே போடுவது? நாஸிலேயே போடலாம், ஓடும். ஆனால் நாஸ் அப்டேட் ஆகி மாட்டிக்கொண்டால் உள்ளே வரும் ஒரே வழியும் அதோடு போய்விடும். தவிர, எதை வெளி உலகத்திடமிருந்து மறைக்க நினைக்கிறோமோ அதையே வாசலில் நிறுத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. ரூட்டரிலேயே வயர்கார்டு இருந்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் ஒரு ராஸ்பெர்ரி பை போதும். கீழே பையை வைத்தே சொல்கிறேன். வீட்டு நெட்வொர்க் 192.168.73.0/24 என்று வைத்துக்கொள்வோம். ரூட்டர் .1, பை .10, நாஸ் .20, கேமரா .30. பையில் `/etc/wireguard/wg0.conf` இப்படி இருக்கும்:

```
[Interface]
Address = 10.66.0.1/24
ListenPort = 51820
PrivateKey = <pi-private>

[Peer]
PublicKey = <phone-public>
AllowedIPs = 10.66.0.2/32
```

போனில்:

```
[Interface]
Address = 10.66.0.2/32
PrivateKey = <phone-private>

[Peer]
PublicKey = <pi-public>
Endpoint = <home-name>:51820
AllowedIPs = 10.66.0.1/32, 192.168.73.0/24
```

ரூட்டரில் யூடிபி 51820ஐ மட்டும் 192.168.73.10க்குத் திருப்பிவிடுங்கள். டிசிபி வேண்டாம். வீட்டு ஐபி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் `Endpoint` இடத்தில், ஐபி மாறினாலும் வீட்டையே காட்டும் ஒரு டிடிஎன்எஸ் பெயர் போடுங்கள். டன்னலை ஆன் செய்யும் நேரத்தில்தான் போன் அந்தப் பெயருக்கு ஐபி தேடும். நடுவில் வீட்டு ஐபி மாறினால் டன்னல் செத்துக் கிடக்கும், ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும்.

போனில் உள்ள `AllowedIPs` வரியைக் கவனியுங்கள். வீட்டு முகவரிகளுக்கான போக்குவரத்து மட்டும் டன்னலில் போகும், மற்றதெல்லாம் வழக்கம்போல நேராகப் போகும். அங்கே `0.0.0.0/0` என்று போட்டால் போனின் மொத்த இணையமும் வீட்டு அப்லோடு வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். நாஸும் கேமராவும் பார்க்க அது தேவையில்லை.

73 எதற்கு என்று கேட்கலாம். உங்கள் வீடு 192.168.1.x ஆக இருந்து, நீங்கள் உட்கார்ந்திருக்கும் ஹோட்டல் வைஃபையும் 192.168.1.x ஆக இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே எண்கள். எது யாருடைய .20 என்பதில் குழப்பம் வரும். ஒரு லேப்டாப்பில் வேலை செய்யும், இன்னொன்றில் செய்யாது. அதனால் ஊரில் யாரும் வைத்திருக்காத ஒரு எண்ணுக்கு வீட்டை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். ஐபியைக் கையால் போட்டிருக்கும் சாதனங்களை முதலில் புது எண்ணுக்கு மாற்றிவிட்டு ரூட்டரைக் கடைசியாக மாற்ற வேண்டும். ரூட்டரை முதலில் மாற்றினால் கேமரா பழைய எண்ணிலேயே அனாதையாக நிற்கும்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன். டன்னல் எழுந்தது, ஆனால் கேமரா வரவில்லை. பையிலிருந்து பிங் செய்தால் கேமரா பதில் சொல்கிறது, போனிலிருந்து செய்தால் இல்லை. கேமரா ஆப்பைக் குறை சொன்னேன், 554ஐச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பையில் இதை ஓட்டிப் பார்த்தேன்:

```
sudo tcpdump -ni eth0 host 192.168.73.30
```

10.66.0.2இலிருந்து கேமராவுக்குக் கேள்விகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. திரும்பி ஒன்றுகூட வரவில்லை. அப்போதுதான் கேமராவின் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கேட்வே இடத்தில் பழைய 192.168.1.1 அப்படியே இருந்தது. கேமராவுக்குக் கேள்வி வந்து சேர்ந்துவிட்டது. கேட்டவர் 10.66.0.2, தன் தெருவைச் சேர்ந்தவர் இல்லை, ஆகவே பதிலை கேட்வேயிடம் கொடுக்க வேண்டும். அந்த கேட்வேயோ இப்போது உலகத்திலேயே இல்லை. பை மட்டும் அதே தெருவில் இருப்பதால் அதற்கு நேராகப் பதில் கொடுத்துவிட்டது.

கேட்வே சரியாக இருந்திருந்தாலும் பிரச்சினை முழுதாகத் தீர்ந்திருக்காது. பதில் ரூட்டரிடம் போகும். 10.66.0.0/24 எங்கே இருக்கிறது என்று ரூட்டருக்குத் தெரியாது என்பதால் அதை இணையத்தின் பக்கம் தள்ளிவிடும், அங்கே அது தொலையும். இதற்கு முறையான தீர்வு ரூட்டரில் ஒரு ஸ்டாடிக் ரூட் போடுவது: 10.66.0.0/24 என்றால் 192.168.73.10இடம் கொடு. பல ரூட்டர்களில் அந்தப் பக்கமே இருப்பதில்லை. இன்னொரு வழி, போனிலிருந்து வருவதையெல்லாம் பை தன் பெயரில் அனுப்புவது:

```
sudo sysctl -w net.ipv4.ip_forward=1
sudo iptables -t nat -A POSTROUTING -s 10.66.0.0/24 -o eth0 -j MASQUERADE
```

முதல் வரி இரண்டு வழிக்கும் தேவை. அது இல்லாவிட்டால் பை எதையும் அடுத்தவருக்குக் கடத்தாது. இரண்டு வரியும் ரீபூட்டில் அழிந்துவிடும். முதலாவதை `/etc/sysctl.d/` கீழே ஒரு கோப்பிலும், இரண்டாவதை wg0.confஇல் `PostUp` வரியாகவும் எழுதி வையுங்கள்.

இப்போது கேமராவின் கண்ணுக்கு எல்லாக் கேள்வியும் 192.168.73.10இலிருந்து வருவதாகவே தெரியும். கேட்வே இருந்தாலும் இல்லாவிட்டாலும் பதில் வந்து சேரும். இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. கேமராவின் கேட்வேயைத் திருத்துவதற்குப் பதிலாக முழுதாக அழித்துவிட்டேன். போனிலிருந்து நான் பார்க்க முடிகிறது, ஆனால் கேமராவால் வெளியே எந்த சர்வருக்கும் பேச முடியவில்லை. கம்பெனியின் பி2பி கிளவுடும் அதோடு அறுந்துபோனது, அதுதான் எனக்கு வேண்டியதும். சில கேமராக்கள் கேட்வேயைக் காலியாக விட ஒத்துக்கொள்ளாது. அங்கே யாருக்கும் கொடுக்காத ஒரு முகவரியைப் போட்டால் அதே விளைவுதான். கேமராவில் ஐபிவி6 இருந்தால் அதையும் அணைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வழியாகப் போய்விடும். ரூட்டரில் கேமராவை இணையத்திலிருந்து தடுக்கும் வசதி இருந்தால் அது இன்னும் உறுதி.

இதற்கு இரண்டு இழப்பு உண்டு. ஆள் நடமாட்டம் என்று போனுக்கு வரும் அறிவிப்பு கம்பெனி சர்வர் வழியாக வருவதால் அது நின்றுவிடும். கேமராவின் கடிகாரமும் மெல்ல நகர ஆரம்பிக்கும். என் கேமராவில் மூன்று மாதத்தில் சில நிமிடங்கள் பின்தங்கிவிட்டது. ரெக்கார்டிங்கில் நேரம் தப்பாக இருந்தால் அது எதற்கு உதவும்? பையில் நேரம் சொல்லும் ஒரு என்டிபி சர்வரை ஓடவிட்டு, கேமராவின் என்டிபி இடத்தில் 192.168.73.10 என்று கொடுத்தேன். அதன் பிறகு சரியாக ஓடுகிறது.

நாஸுக்கு வேறொரு பக்கவிளைவு இருக்கிறது. அதன் லாகில் எல்லோரும் பையின் முகவரியிலிருந்தே வந்ததாகத் தெரியும். பாஸ்வேர்டை நாலைந்து முறை தவறாகப் போட்டால் அந்த ஐபியைத் தடுக்கும் வசதி நாஸில் இருந்தால், உங்கள் வீட்டில் ஒருவர் செய்யும் தவறில் விபிஎன்னில் வரும் அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். ஸ்டாடிக் ரூட் போட முடிகிற ரூட்டர் என்றால் அதையே போடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது மௌனத்துக்கு வருவோம். எதுவும் வேலை செய்யவில்லை என்றால் ஆப்பைப் பார்க்காதீர்கள், பையில் `sudo wg show` போட்டுப் பாருங்கள். அதில் `latest handshake` என்று ஒரு வரி வரும். டன்னலில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்போது அது சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அந்த வரி புதிதாக இருந்தால் கீ, போர்ட், ஐபி எல்லாம் சரி. கோளாறு உள்ளே இருக்கிறது: ஃபார்வர்டிங், திரும்பும் வழி, நாஸின் ஃபயர்வால். அந்த வரியே இல்லையென்றால் கோளாறு வெளியே இருக்கிறது. அப்போது `sudo tcpdump -ni eth0 udp port 51820` ஓட்டிவிட்டுப் போனில் டன்னலை ஆன் செய்யுங்கள். பாக்கெட் பை வரை வந்தும் பதில் போகவில்லை என்றால் கீ தப்பு. பாக்கெட்டே வரவில்லை என்றால் ரூட்டர், அல்லது அதற்கும் மேலே. சோதனையை மொபைல் டேட்டாவில்தான் செய்ய வேண்டும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வீட்டின் வெளி ஐபியைத் தட்டினால் பல ரூட்டர்கள் அதைத் திருப்பி உள்ளே விடாது, நல்ல அமைப்பையும் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒரே கீயை இரண்டு போனில் போடாதீர்கள். கடைசியாகப் பேசியவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் சர்வர் பதில் அனுப்பும் என்பதால், இரண்டும் மாறி மாறி அறுந்துகொண்டிருக்கும். ஆளுக்கொரு கீ கொடுத்தால், ஒரு போன் தொலைந்தாலும் அந்த `[Peer]` பகுதியை மட்டும் நீக்கி wg0வை மீண்டும் தொடங்கினால் போதும்.

"அதற்கும் மேலே" என்றது சிஜிநாட்டை. ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினாலோ, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் இணையதளம் சொல்வதோடு பொருந்தாவிட்டாலோ, உங்களுக்குத் தனி பொது ஐபி இல்லை. பலரோடு சேர்ந்து ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். உங்கள் ரூட்டரில் என்ன போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. (உங்கள் 5000 இப்போது வெளியிலிருந்து வேலை செய்கிறது என்றால் இந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை.)

அப்படிப்பட்ட வீட்டில் தொடர்பு உள்ளேயிருந்துதான் கிளம்ப வேண்டும். ஒரு சின்ன கிளவுட் சர்வரை வாடகைக்கு எடுத்து, பை அதற்கு வயர்கார்டில் இணைந்து, `PersistentKeepalive = 25` போட்டு 25 விநாடிக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருந்தால் வழி மூடாமல் இருக்கும். போனும் அதே சர்வருக்கு வரும். வீட்டில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: போனிலிருந்து வருவது அந்த சர்வரில் பூட்டுத் திறக்கப்பட்டு, மறுபடி பூட்டப்பட்டுத்தான் வீட்டுக்குப் போகிறது. கேமரா படம் நடுவில் ஒரு கணம் பூட்டில்லாமல் இருக்கும்.

டெய்ல்ஸ்கேல் இதைவிட எளிது. அதுவும் உள்ளே வயர்கார்டுதான். முடிந்தால் போனும் பையும் நேராகவே பேச வழி தேடும், முடியாவிட்டால் அதன் ரிலே வழியாகப் போகும். ரிலேயில் பூட்டு திறக்கப்படுவதில்லை. பையில் ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் செய்துவிட்டு இதைக் கொடுத்து,

```
sudo tailscale up --advertise-routes=192.168.73.0/24
```

அவர்களுடைய நிர்வாகப் பக்கத்தில் அந்த ரூட்டை அனுமதித்தால் முடிந்தது. அனுமதிக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான தவறு. பை தன் பெயரில் அனுப்பும் அந்த வேலையை இது தானாகவே செய்துவிடும், அதனால் கேட்வே இல்லாத கேமராவும் தெரியும். பதிலுக்கு நீங்கள் கொடுப்பது, எந்தச் சாதனம் உங்கள் நெட்வொர்க்கில் சேரலாம் என்பதை அவர்கள் சர்வரும் நீங்கள் அதில் லாகின் செய்யும் மெயில் கணக்கும் தீர்மானிக்கும் நிலை. அந்தக் கணக்குக்கு இரண்டடுக்கு சரிபார்ப்பு இல்லையென்றால் இந்த வழியில் போகாதீர்கள்.

இணைந்த பிறகு வரும் குறை பெரும்பாலும் வேகம். வெளியிலிருந்து பார்க்கும்போது உங்கள் டவுன்லோடு எண்ணை மறந்துவிடுங்கள், வீட்டின் அப்லோடுதான் கணக்கு. 20 எம்பிபிஎஸ் அப்லோடில் நாஸிலிருந்து 1 ஜிபி எடுக்க ஏழு நிமிடம் ஆகும், எந்த விபிஎன்னும் அதைக் குறைக்காது. வெளியே இருக்கும்போது கேமராவின் தரம் குறைந்த சப்ஸ்ட்ரீமைப் பாருங்கள். வேகம் குறைவது வேறு, தொங்குவது வேறு. பிங் போகிறது, லாகின் பக்கம்கூட வருகிறது, பெரிய கோப்போ வீடியோவோ தொடங்கியதும் அப்படியே நிற்கிறது என்றால் பாக்கெட் அளவுதான் காரணமாக இருக்கும். போன் பக்கத்து `[Interface]`இல் `MTU = 1280` என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு பழைய 5000, 554 விதிகளை அழியுங்கள். அதோடு ரூட்டரில் யூபிஎன்பியை அணைத்துவிட்டு அதன் பட்டியலையும் பாருங்கள். நீங்கள் திறக்காத போர்ட்டுகளை நாஸோ கேமராவோ தாமாகவே கேட்டு வாங்கி வைத்திருக்கும். பிறகு வைஃபையை அணைத்து, டன்னலையும் அணைத்து, மொபைல் டேட்டாவில் வீட்டு ஐபியின் 5000ஐ பிரவுசரில் அடியுங்கள். நாஸின் லாகின் பக்கம் வந்து நின்றால் எங்கோ ஒரு விதி இன்னும் மிச்சம் இருக்கிறது.